டெஸ்டர் நேர்காணலுக்கு ஒரே ஒரு கேள்வி: தோவாளைப் பூக்கடையின் காணாமல் போன பில்கள்

நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். டெஸ்டர் ஒருவரை எடுக்க வேண்டும், நேர்காணலை நீங்களே நடத்துங்கள் என்று முதன்முறையாக உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தேடினால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்மோக் டெஸ்டிங்குக்கும் சானிட்டி டெஸ்டிங்குக்கும் என்ன வேறுபாடு, சிவியாரிட்டி என்றால் என்ன, பிரையாரிட்டி என்றால் என்ன என்று பட்டியல் நீளும். வேலை தேடி வருகிற பிள்ளைகளும் அதே பட்டியலைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். எல்லோரும் சரியாகப் பதில் சொல்வார்கள். அவர்களில் யார் ஒரு பிழையை அதன் வேர் வரை துரத்திப் பிடிப்பார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமலே இருக்கும்.

அதனால் அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, வாடிக்கையாளர் ஒருவரின் புகாரை மேசையில் வைத்து 40 நிமிடம் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்பதே என் யோசனை. வந்தவர் கேள்வி கேட்பார், நீங்கள் பதில் சொல்வீர்கள். அவர் எதை முதலில் கேட்கிறார், கிடைத்த பதிலை வைத்து அடுத்து என்ன கேட்கிறார் என்பதில்தான் அவருடைய திறமை வெளிப்படும். அதை எப்படித் தயார் செய்வது, எப்படி நடத்துவது என்று ஒரு புகாரை முழுதாக எடுத்துக்கொண்டு காட்டுகிறேன்.

முதலில் புகாரைத் தயார் செய்யுங்கள்

காரணம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்த ஒரு பிழையைத் தேர்ந்தெடுங்கள். பாதி தெரிந்த பிழையை எடுத்தால், எதிர்பாராத கேள்வி வரும்போது நீங்கள் உளற வேண்டிவரும். வந்தவர் தவறான திசைக்குப் போவதற்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். பிழை எளிமையானதாக இருக்கலாம். ஆனால் பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் படாததாக இருக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது தோவாளை மலர்ச்சந்தையில் உள்ள ஒரு கமிஷன் கடை. கடையும் ஆப்பும் கற்பனை. பிழை மட்டும் நிஜ உலகில் அடிக்கடி நடப்பது. கடையில் பிச்சியும் மல்லிகையும் அரளியும் விடியும் முன்பே விற்றுப்போகின்றன. போனின் பிரவுசரில் திறக்கும் ஓர் ஆப்பில் பில் போடுகிறார்கள். சிறிய பிரிண்டரில் ரசீது வருகிறது. அதே ஆப்பில் அன்றன்றைய விற்பனையைக் கூட்டிக்காட்டும் 'தினக்கணக்கு' என்ற பக்கமும் உண்டு. கடைக்காரர் அனுப்பிய செய்தி இது:

"தினக்கணக்கு சரியாக வரவில்லை. சில நாள் குறைகிறது, சில நாள் கூடுகிறது. முகூர்த்த நாள் வந்தால் மிகவும் மோசம். உங்கள் ஆப்பில் பில்கள் தொலைந்துபோகின்றன. உடனே சரிசெய்யுங்கள்."

வந்தவரிடம் இந்தத் தாளை மட்டும் கொடுங்கள். இன்னொரு தாள் உங்களிடம் இருக்க வேண்டும். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய உண்மைகளை அதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அச்சான ரசீதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றன. மாதத்தின் நடுவில் ஒரு வாரத்தை எடுத்து ரசீதுகளையும் ஆப்பில் உள்ள பில்களையும் எண்ணினால் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. வாரத்தின் இரு ஓரங்களில் மட்டும் சில பில்கள் முந்தைய வாரத்துக்குப் போயும் அடுத்த வாரத்திலிருந்து வந்தும் இருக்கின்றன. ஒரு பில்கூட அழியவில்லை. நாகர்கோவில் வடசேரியில் காலை ஏழு மணிக்குத் திறக்கும் மாலைக்கடை ஒன்றும் இதே ஆப்பைப் பயன்படுத்துகிறது. அங்கிருந்து எந்தப் புகாரும் இல்லை. டெவலப்பர் அலுவலகத்தில் காலை 11 மணிக்கு மூன்று பில் போட்டுப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது.

திசைதிருப்பும் உண்மைகள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் போன வாரம் புதுப் போன் வாங்கினார். சந்தையில் சிக்னல் சுமாராகத்தான் கிடைக்கும். இரண்டும் பொய்யல்ல, பிழைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவே. நிஜ வேலையிலும் புகாருடன் இப்படிப்பட்ட செய்திகள் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

காரணம் என்ன

நேர்காணல் நடத்துபவர் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆப் ஒவ்வொரு பில்லுக்கும் எந்த நாளின் கணக்கு என்று குறிக்க இந்த வரியைப் பயன்படுத்துகிறது:

```js
const billDate = new Date().toISOString().slice(0, 10);
```

`toISOString` தருவது இந்திய நேரத்தை அல்ல, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தை. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஜூலை 12 அதிகாலை 4:10-க்கு பில் போட்டால், பொது நேரத்தில் அது ஜூலை 11 இரவு 10:40. முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுக்கும்போது தேதி 11 ஆகிவிடுகிறது. ரசீதை அச்சிடும் பகுதி போனின் உள்ளூர் நேரத்தை எடுப்பதால் அங்கே 12 என்றே வருகிறது.

ஆக, நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை போடப்படும் பில்கள் எல்லாம் முந்தைய நாளின் கணக்கில் விழுகின்றன. 5:30-க்குப் பிறகு போடுபவை சரியாக இருக்கின்றன. சந்தைக் கடையின் விற்பனையில் பெரும்பகுதி அந்த இருட்டு நேரத்தில்தான் நடக்கிறது. முகூர்த்த நாளில் விற்பனை பல மடங்காவதால் இடம் மாறும் தொகையும் பெரிதாகிறது. முகூர்த்தம் பிழையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பிழையைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குகிறது.

நேர்காணலைத் தொடங்குவது

வந்தவர் உட்கார்ந்ததும் விளையாட்டின் விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "இந்தப் புகார் உங்களிடம் வந்திருக்கிறது. கடைக்காரர், டெவலப்பர், ஆப் மூன்றுமே நான்தான். எதை வேண்டுமானாலும் கேளுங்கள், எதைச் செய்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். என்ன தெரியும் என்பதை நான் சொல்கிறேன். காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் வேலை என்று இல்லை. நீங்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கும் பதற்றத்தில் நல்ல யோசனைகள் தொண்டையிலேயே நின்றுவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆங்கிலம் தேவைப்படும் வேலை என்றால் அதைத் தனியாகச் சோதியுங்கள். இந்த 40 நிமிடத்தில் கலக்க வேண்டாம்.

பிறகு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தச் செய்தியில் நமக்கு உறுதியாகத் தெரிந்தது எது, கடைக்காரர் ஊகித்தது எது?"

தினக்கணக்கு பொருந்தவில்லை என்பது கண்ட உண்மை. பில்கள் தொலைகின்றன என்பது கடைக்காரரின் ஊகம். இதைப் பிரித்துச் சொல்கிறவர் அடுத்து, தொலைந்த பில் ஒன்றைக் காட்டச் சொல்வார். பிரிக்காதவர் 'பில் ஏன் சேமிக்கப்படவில்லை' என்று சர்வரையும் டேட்டாபேஸையும் துருவப் போவார். இருபது நிமிடம் கழித்தும் அங்கேயே நிற்பார். 'சில நாள் கூடுகிறது' என்ற சொற்றொடரையும் யார் கவனிக்கிறார்கள் என்று பாருங்கள். பில்கள் தொலைந்தால் கணக்கு குறையத்தான் வேண்டும், எப்படிக் கூடும்? இந்த ஒரு முரண்பாட்டைத் தானாகப் பிடிக்கிறவரை நான் உடனே குறித்துக்கொள்வேன்.

பேச்சு எப்படிப் போகும்

நன்றாகப் போகும் உரையாடல் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

"சார், கணக்கு தப்பிய ஏதாவது ஒரு நாளின் ரசீதுகளை எல்லாம் அனுப்பச் சொல்ல முடியுமா?"

"வந்துவிட்டன. ஜூலை 12-ஆம் தேதி ரசீதுகள்."

"ஆப்பில் 12-ஆம் தேதி தினக்கணக்கில் எந்தெந்த பில் இருக்கிறது, எது இல்லை?"

"முதல் ரசீதுகள் பல இல்லை. பிற்பாடு போட்டவை எல்லாம் இருக்கின்றன."

"இல்லாத பில்லின் எண்ணை ஆப் முழுக்கத் தேடினால்?"

"11-ஆம் தேதியின் கீழ் இருக்கிறது."

இங்கே பலர் சற்று நிறுத்தி யோசிப்பார்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். நல்லவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இடம் மாறிய கடைசி ரசீதின் நேரம் என்ன, மாறாத முதல் ரசீதின் நேரம் என்ன?" 5:24 என்றும் 5:33 என்றும் சொல்லுங்கள். சரியான பில்களுக்கும் தவறான பில்களுக்கும் நடுவே உள்ள கோட்டை அவர் தேடுகிறார். எல்லை மதிப்புச் சோதனை என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் இலக்கணம் சொல்வார்கள். பெயரே சொல்லாமல் அந்த எல்லையைத் தானாகத் தேடிப்போகிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

மாறாக, சிலர் செய்தியைப் படித்ததும் "நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும்" என்பார்கள். அதனால் மட்டும் அவரைத் தள்ளிவிடாதீர்கள். ஊகிப்பது குற்றமில்லை; ஊகத்தைச் சோதிக்கத் தெரியாததுதான் குறை. அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "சரி, நெட்வொர்க்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேறு என்ன நமக்குத் தெரிய வேண்டும்? எதைப் பார்த்தால் இல்லை என்று விட்டுவிடுவீர்கள்?"

முழு நேர்காணலிலும் அதிகம் வெளிப்படுத்தும் கேள்வி இதுதான். "சிக்னல் இல்லாத நேரத்தில் போட்ட பில்கள் மட்டும் தவற வேண்டும்; சிக்னல் நன்றாக இருந்தபோது போட்டதும் தவறியிருந்தால் என் ஊகம் பொய்" என்று சொல்கிறவர் துப்புத் துலக்கும் வேலையை அறிந்தவர். "நெட்வொர்க் டீமிடம் சொல்லிப் பார்க்கச் சொல்வேன்" என்கிறவர் பிழையை வேறொருவர் மேசைக்குத் தள்ளுகிறார். புதுப் போனுக்கும் இதே கேள்வி பொருந்தும். புகார் எப்போது தொடங்கியது என்று கேட்டால், தினக்கணக்குப் பக்கம் வந்த நாளிலிருந்தே என்று சொல்லுங்கள். போன் வாங்கியது அதற்கு வெகு பின்னால். அந்த ஒரு விடையிலேயே போன் வழக்கிலிருந்து விடுபட்டுவிடும்.

வடசேரிக் கடையைப் பற்றிய உண்மை கேட்டால்தான் வெளிவரும். "வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையா?" என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டவர், இரு கடைகளுக்கும் இடையே வேறுபடுவது எது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்: ஆப்பின் பதிப்பு ஒன்றா, போனின் வகை வேறா, கடை திறக்கும் நேரம் வேறா. வேலை செய்யும் இடத்தையும் செய்யாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிழையைச் சுருக்குவதற்கு நான் அறிந்த மிக விரைவான வழி.

பகலில் எப்படி நிரூபிப்பார்

நேரம்தான் காரணம் என்ற இடத்துக்கு வந்துவிட்டவரிடம் இதைக் கேளுங்கள்: "இப்போது காலை 11 மணி. டெவலப்பர் நம்ப மறுக்கிறார், அவரிடம் எல்லாம் சரியாக இருக்கிறதாம். எப்படிக் காட்டுவீர்கள்?"

அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பில் போடுவேன் என்பது நேர்மையான பதில், மதிப்பும் உண்டு. அதைவிட நல்ல பதில், சோதனைப் போனின் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தை 4:10-க்கு மாற்றிப் பில் போடுவது. நம் புகாரில் தேதியைக் கணக்கிடுவது போனில் ஓடும் நிரல் என்பதால் பிழை உடனே தெரியும். "கடிகாரத்தை மாற்றியும் பிழை வரவில்லை என்றால்?" என்று தொடர்ந்து கேளுங்கள். அப்போது தேதி போனில் இல்லாமல் சர்வரில் கணக்கிடப்படுகிறது என்று பொருள். பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் கற்றுத்தரும் சோதனை இது. இதை விளங்கிச் சொல்கிறவருக்கு என் தாளில் தனி இடம் உண்டு.

மிகவும் கூர்மையானவர்கள் இன்னொரு படி போவார்கள்: கடிகாரம் 4:10 என்றே காட்டட்டும், நேர மண்டலத்தை மட்டும் யூடிசிக்கு மாற்றுகிறேன் என்பார்கள். அப்போது பிழை மறைந்துவிடும். ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றியதால் காரணம் அதுதான் என்று கைவைத்துக் காட்ட முடிகிறது. போனையும் மாற்றி, பிரவுசரையும் மாற்றி, நேரத்தையும் மாற்றிவிட்டு "இப்போது சரியாகிவிட்டது" என்று சொல்கிறவரிடம் எது சரிசெய்தது என்று கேளுங்கள். பதில் வராது.

நிரலை வாசிக்கத் தெரிந்தவருக்கு மேலே உள்ள வரியைக் காட்டலாம். தெரியாதவருக்குக் காட்ட வேண்டாம். 5:30 என்ற எல்லையைக் கண்டுபிடித்து "இந்திய நேரத்துக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது" என்ற இடம்வரை வந்தாலே புதியவர் ஒருவரிடம் அது நிறைவான வேலை.

சரிசெய்த பிறகு

நேரம் இருந்தால் இறுதியாக ஒரு கேள்வி. "டெவலப்பர் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டேன், சரியாகிவிட்டது என்கிறார். மூடிவிடலாமா?"

அதிகாலை பில்லை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள் பலர். ஆழமாக யோசிப்பவர் மூன்று இடங்களுக்குப் போவார். உள்ளூர் நேரம் ஏற்கெனவே சரியாக வரும் ஓரிடத்தில் யாராவது மறுபடி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியிருந்தால், மாலை 6:30-க்குப் பிறகு போடும் பில்கள் மறுநாள் கணக்கில் விழும். அதனால் மாலையிலும் ஒரு பில் போட வேண்டும். இரண்டாவது, மாத முதல் நாளும் ஏப்ரல் முதல் தேதியும். அன்று அதிகாலையில் பழைய நிரல் பில்லை முந்தைய மாதத்துக்கும் முந்தைய நிதியாண்டுக்கும் தள்ளியிருக்கும். புது நிரல் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே தவறாகப் பதிந்துபோன பில்கள். நிரலைத் திருத்தினால் அவை தாமாகத் திருந்திவிடாது. பில் போட்ட முழு நேரமும் எங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா, அதை வைத்துப் பழைய தேதிகளை மீட்க முடியுமா என்று கேட்கிறவர் கடைக்காரரின் இடத்தில் நின்று யோசிக்கிறார்.

பிறகு பத்து நிமிடம் கொடுத்து, கண்டதை ஒரு பக்கத்தில் பிழை அறிக்கையாக எழுதச் சொல்லுங்கள். 'தினக்கணக்கு தவறாக வருகிறது' என்ற தலைப்பு எதையும் சொல்லாது. 'காலை 5:30-க்கு முன் போடும் பில்கள் முந்தைய நாள் கணக்கில் சேர்கின்றன' என்று எழுதியிருந்தால் டெவலப்பருக்குப் பாதி வேலை முடிந்தது. போனின் நேரத்தை எப்படி மாற்றிச் சோதித்தார், என்ன வர வேண்டும், என்ன வந்தது ஆகியவை இருக்கின்றனவா, தன் ஊகத்தை 'ஊகம்' என்று தனியாகக் குறித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

மதிப்பெண் இடும்போது

அவர் கேட்ட கேள்விகளை வரிசைப்படி அப்படியே எழுதிவையுங்கள். மாலையில் நாலு பேரின் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சிரித்த முகமும் சரளமான பேச்சும் நினைவிலிருந்து விலகி, யோசித்த பாதை மட்டும் தாளில் நிற்கும். காரணத்தைக் கண்டுபிடித்தாரா என்பதற்கு நான் குறைந்த மதிப்பெண்தான் வைப்பேன். இதே பிழையை முன்பே சந்தித்த ஒருவர் இரண்டாம் நிமிடத்திலேயே "டைம்ஸோன்" என்று சொல்லிவிடலாம். அது நினைவாற்றல். அவரிடமும் நிரூபிக்கும் கேள்வியைக் கேளுங்கள். அங்கே தடுமாறினால் விடை மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் முதல் பத்து நிமிடம் வாயே திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு ரசீதுகள் இருக்கின்றன என்று நீங்களே ஒரு நூலை எடுத்துக் கொடுக்கலாம். எல்லோருக்கும் அதே இடத்தில் அதே உதவியைச் செய்தால் நியாயம் கெடாது. தவிர, பல நாள் பொறுமையாக ஒரே வேலையைச் செய்யும் குணத்தை 40 நிமிடம் காட்டாது.

நம் மாவட்டம் சிறியது. இரண்டு வாரத்தில் இந்தக் கேள்வி கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும். அதனால் புகாரை அப்படியே வைத்துக்கொண்டு காரணத்தை மட்டும் மாற்றிய இரண்டாவது தாள் ஒன்றைத் தயாராக வையுங்கள். எடுத்துக்காட்டாக, சிக்னல் இல்லாதபோது போடும் பில்கள் போனிலேயே காத்திருந்து, பிறகு சர்வருக்குப் போய்ச் சேரும் நாளின் தேதியைப் பெறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் செய்தி ஓர் எழுத்துகூட மாறாது. இப்போது சிக்னல்தான் உண்மைக் காரணம். பில்கள் முந்தைய நாளுக்குப் போகாமல் பிந்தைய நாளுக்கு வரும். 5:30 என்ற கோடும் இருக்காது. மனப்பாடம் செய்து வந்தவர் முதல் வாக்கியத்திலேயே டைம்ஸோன் என்பார். துலக்கத் தெரிந்தவர் பில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கேட்பார்.